உயரம் நின்று எடை மட்டும் ஏறினால்

"என் மகளுக்கு 9 வயது. ஒரு வருஷமாக உயரமே ஏறவில்லை, எடை மட்டும் ஏறுகிறது. நாங்களும் குள்ளம்தான். டெஸ்ட் எடுக்கணுமா?"

எடுங்கள், முதலில் தைராய்டு. பெற்றோர் குள்ளமென்றால் பிள்ளையும் குள்ளமாக இருக்கலாம், ஆனால் வளர்ச்சி நிற்காது. இந்த வயதில் வருஷத்துக்கு 5 செ.மீ. அளவுக்காவது ஏற வேண்டும். சத்துக் குறைவென்றால் எடைதான் முதலில் அடிவாங்கும். உயரம் நின்று எடை ஏறினால் ஹார்மோனைச் சந்தேகிக்கணும்.

ஏற்காட்டில் என் அக்கா மகளுக்கும் இதே கதைதான். 8 வயதில் 118 செ.மீ., 9 வயதில் 120. எந்நேரமும் ஸ்வெட்டரோடு இருப்பாள். மலைக்குளிர் என்று விட்டுவிட்டோம். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம் கொடுத்தோம். நன்றாகப் படித்ததால் நோய் என்றே தோன்றவில்லை. (3 வயதுக்குப் பிறகு வரும் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் அறிவு வளர்ச்சியைக் கெடுக்காது.) சேலத்தில் ரத்தம் பார்த்தால், தைராய்டு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். ஹார்மோன் 100-க்கு மேல், ரொம்பவே அதிகம். கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஆறரைதான்.

அப்படி எலும்பு பின்தங்கியிருந்தது ஒருவகையில் நல்லது, வளர இன்னும் இடம் இருக்கிறது. தினமும் காலை வெறும் வயிற்றில் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் கொடுத்தோம். முதல் வருஷமே 9 செ.மீ. ஏறினாள். இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மருந்து சரியாகச் சேராது.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் கவனிக்காமல் விட்டு, வயதுக்கு வரும் சமயத்தில் சிகிச்சையை ஆரம்பித்தால் எலும்பு வேகமாக முதிர்ந்துவிடும். இழந்த உயரம் முழுசாகத் திரும்பாது.