சென்சஸில் சாதி கேட்பது எதற்கு?

கேள்வி: சாதிவாரிக் கணக்கெடுப்பு எதற்கு? எங்க நெல்லைப் பக்கம் இருக்கிற சாதிச் சண்டை போதாதா?

எண்ணிக்கை இல்லாததால் என்ன ஆனது என்பதற்கு 10.5% வழக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத இடஒதுக்கீட்டில் வன்னியருக்கு மட்டும் 10.5 தனியாக ஒதுக்கி 2021இல் சட்டம் வந்தது. நெல்லைப் பக்கத்து மறவர் உள்ளிட்ட சீர்மரபினருக்கும் வேறு சில சாதிகளுக்கும் சேர்த்து 7 சதவீதம், மற்றவர்களுக்கு 2.5. இந்தப் பிரிவினை 1980களின் அம்பாசங்கர் ஆணையத் தரவை நம்பியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது; தரவு பழையது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முழுச் சாதிக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931இல். அப்புறம் எந்த அரசு எதை வைத்துப் பங்கு பிரிக்கும்?

உங்கள் பயம் நியாயமானதுதான். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் வெட்டப்பட்டதை மறக்க முடியாது. ஊர்வாரியாக எண்ணிக்கை வெளியானால் "நாங்கதான் அதிகம்" என்ற பேச்சு வரும், கட்சிகளும் அதை வைத்தே வேட்பாளரைத் தேடும். அதனால் மாவட்ட அளவுக்குக் கீழே வெளியிடக் கூடாது என்பது என் கருத்து. தனிநபர் விவரத்தை 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் ஏற்கெனவே பாதுகாக்கிறது.

பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதை அப்படியே எழுதியதால் சுமார் 46 லட்சம் பெயர்கள் குவிந்தன. குடும்பன், பண்ணாடி, காலாடி என்று தனித்தனியாக எழுதினால் தேவேந்திரகுல வேளாளர் கணக்கே சிதறிவிடும். 2027 கணக்கெடுப்புக்கு மாநிலப் பட்டியலோடு பொருந்தும் குறியீடுகள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.