ஒரு டிக்கிலேயே நிற்கும் வாட்ஸ்அப் மெசேஜ்

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு டிக், ரெண்டு டிக், நீல டிக் எதைக் காட்டுகிறது? அத்தைக்கு அனுப்பும் மெசேஜ் நாள் முழுக்க ஒரே டிக்கில் நிற்கிறதே, பிளாக் பண்ணிவிட்டார்களா?

பெரும்பாலும் பிளாக்காக இருக்காது. ஒரு டிக் விழுந்தால் மெசேஜ் உங்கள் போனை விட்டுக் கிளம்பி வாட்ஸ்அப் சர்வருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதுவும் போகாவிட்டால் டிக்குக்குப் பதில் சின்னக் கடிகாரம் தெரியும். கோளாறு உங்கள் பக்கத்து நெட்டில். எதிராளியின் போனுக்கோ, அவர் இணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கோ மெசேஜ் போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது டிக் வரும். அவர் சாட்டைத் திறந்து பார்த்தால் இரண்டும் நீலமாகும். அவர் போன் அணைந்திருந்தும் ரெண்டு டிக் விழுந்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரு டிக்கில் நிற்கும் மெசேஜ் சர்வரில் காத்திருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன் அணைந்திருப்பது, டேட்டா தீர்ந்துபோவது எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. சில ஆண்ட்ராய்டு போன்கள் சார்ஜை மிச்சப்படுத்த, திரையில் இல்லாத செயலிகளை முடக்கிவைக்கும். அப்போது நெட் இருந்தாலும் வாட்ஸ்அப் சர்வரோடு பேசாது. அவர் செயலியைத் திறக்கும்போதுதான் காத்திருந்த மெசேஜ் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும்.

எங்கள் பெரியம்மா போனில் இதுதான் நடந்தது. காலையில் அனுப்பினால் ராத்திரி வரை ஒரே டிக். சாதாரண போன் கால் மட்டும் உடனே போகும். அவரோ, மெசேஜே வரவில்லை என்று வருத்தப்படுவார். நான் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் Info பார்த்தேன். Delivered, Read என்று இரண்டு நேரம் இருக்கும் இல்லையா, ரெண்டுமே இரவு 8.10. முந்தைய மெசேஜ்களிலும் அதே மாதிரி இரண்டு நேரமும் ஒட்டியே இருந்தன. மெசேஜ் போனுக்கு வந்து, அவர் கொஞ்சம் கழித்துப் பார்த்திருந்தால் நடுவில் இடைவெளி தெரிந்திருக்கும். நெட்டையே அப்போதுதான் ஆன் செய்கிறாரோ என்று கேட்டேன். வைஃபை பகல் முழுக்க ஓடுகிறது என்றார். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அவர் போனில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பேட்டரியை Unrestricted என்று மாற்றினோம். அங்கேயே மொபைல் டேட்டா பகுதியில் Background data ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். போனுக்குப் போன் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும். வாட்ஸ்அப்பை Force stop செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். திரும்பத் திறக்கும் வரை எதுவும் வராது.

சரி, பிளாக்கை எப்படிச் சந்தேகிப்பது? பிளாக் ஆனாலும் ஒரு டிக்தான் விழும். அதோடு லாஸ்ட் சீனும் மாறிய புரொஃபைல் படமும் தெரியாது. இவற்றை அவரே பிரைவசி செட்டிங்கிலும் மறைத்திருக்கலாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ரெண்டு பேரும் இருக்கும் குடும்பக் குரூப்பைக் கவனியுங்கள். அங்கே அவர் நாள்தோறும் பதில் போட்டுக்கொண்டிருக்க, உங்கள் தனி மெசேஜ் மட்டும் பழைய ஒரு டிக்கிலேயே நின்றால் பிளாக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

குரூப்பில் டிக் கணக்கு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் ரெண்டு டிக், எல்லோரும் பார்த்தால்தான் நீலம். யாரோ ஒருவர் போன் அலமாரியில் அணைந்து கிடந்தாலும் மொத்தக் குரூப்புக்கும் ஒரே டிக்தான்.

தனி மெசேஜில் ரெண்டு டிக் விழுந்தும் நீலமாகவில்லையா? பார்த்ததைக் காட்டும் ரீட் ரிசிப்ட்டை அவர் அணைத்திருக்கலாம், அல்லது நோட்டிஃபிகேஷனிலேயே படித்திருக்கலாம். நீங்கள் அணைத்திருந்தாலும் மற்றவர்களின் நீல டிக் உங்களுக்குத் தெரியாது, முதலில் அதைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போய்ச் சேராத மெசேஜை வாட்ஸ்அப் சர்வர் 30 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். அதற்குப் பிறகு அத்தை போனைச் சரிசெய்தாலும் அது வராது. அவசரமான விஷயம் என்றால் சாதாரண காலிலேயே சொல்லிவிடுங்கள்.