11 சதவீதக் கடன், 15 சதவீதக் கடன்: எது உண்மையில் மலிவு?

ஸ்கூட்டர் வாங்க ₹90,000 கடன் தேவைப்படுகிறது. ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் 11 சதவீத வட்டி, 36 மாதம், மாதத் தவணை ₹3,325 என்கிறார். பிராசஸிங், டாக்குமென்ட் செலவு எல்லாம் சேர்த்து ₹3,000. என் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் 15 சதவீதம் என்கிறார்கள், பிராசஸிங் கட்டணம் ₹1,000. 11 தானே குறைவு? வங்கிக்கு அலையவும் வேண்டாம். அடுத்த தீபாவளி போனஸ் வந்ததும் மொத்தமாக அடைத்துவிடலாம் என்றும் ஓர் எண்ணம். ஷோரூம் கடனையே எடுத்துவிடட்டுமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம், அதே விலையில் வேண்டாம். சதவீதத்தை மறந்துவிட்டு வங்கியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘₹90,000-க்கு 36 மாதத்துக்குத் தவணை எவ்வளவு?’ ₹3,120 என்று சொல்வார்கள். ஷோரூம் கேட்பது ₹3,325. தொகை ஒன்று, மாதங்களும் ஒன்று. அப்படியிருக்க, மாதம் ₹205 கூடுதலாக வாங்குகிறவர் எப்படிக் குறைந்த வட்டிக்காரர் ஆவார்? மூன்று வருடத்தில் அந்த வித்தியாசம் ₹7,380.

ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஃபிளாட் வட்டி. 90,000-க்கு 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு ₹9,900, மூன்று வருடத்துக்கு ₹29,700. அதை அசலோடு கூட்டி ₹1,19,700 ஆக்கி, 36-ஆல் வகுத்தால் ₹3,325. கணக்கு சுத்தம். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள் என்பதை மட்டும் அது கண்டுகொள்வதில்லை.

ஒரு தவணையைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். அவர் கணக்குப்படி ₹3,325-இல் ₹2,500 அசல், ₹825 வட்டி. முதல் மாதம் உங்களிடம் 90,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு ₹825 வட்டி நியாயமாகவே தெரியும். கடைசி மாதத்துக்கு வாருங்கள். கட்ட வேண்டிய அசல் வெறும் ₹2,500. அதற்கும் அதே ₹825 வட்டி! ஒரு மாதத்துக்கு 33 சதவீதம்; கந்துவட்டிக்காரரே கேட்கத் தயங்கும் விகிதம் இது. வங்கி சொல்லும் 15 சதவீதம் அப்படியல்ல. ஒவ்வொரு மாதமும் மீதி நிற்கும் அசலுக்கு மட்டுமே வட்டி போடுவார்கள். அதைத்தான் குறையும் நிலுவை வட்டி, வழக்கில் ரெட்யூசிங் பேலன்ஸ் என்கிறார்கள். இந்த முறையில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து வங்கிக்குப் போகும் வட்டி சுமார் ₹22,300.

ஷோரூமின் 11 சதவீதத்தை வங்கியின் அளவுகோலுக்கு மாற்றினால் எவ்வளவு? மூன்று வருடக் கடனுக்கு ஃபிளாட் விகிதத்தை 1.8-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய விடை கிடைத்துவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இதைத் தட்டுங்கள்:

```
=RATE(36,-3325,90000)*12
```

19.6 சதவீதம் வரும். அதோடும் முடியவில்லை. அந்த ₹3,000 கட்டணத்தைக் கடனில் பிடித்துக்கொண்டாலும் சரி, கையிலிருந்து கொடுக்கச் சொன்னாலும் சரி, உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது ₹87,000-தான். சூத்திரத்தில் 90000-க்குப் பதிலாக 87000 என்று போட்டுப் பாருங்கள். 22 சதவீதத்தைத் தொடும். சில இடங்களில் முதல் தவணையை வண்டி எடுக்கும் அன்றே வாங்கிக்கொள்வார்கள். அப்படிக் கேட்டால் 23.5 ஆகிவிடும். வங்கிக்கும் இதே நியாயம்தான்: ₹1,000 கட்டணத்தைச் சேர்த்தால் அதன் 15 சதவீதம் 15.8 ஆகிறது. ஆக, உங்கள் முன் இருப்பது 11-க்கும் 15-க்கும் இடையிலான போட்டி அல்ல, 22-க்கும் 15.8-க்கும் இடையிலானது.

இந்தக் கணக்கையெல்லாம் நீங்களே போட வேண்டிய அவசியமும் இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். வங்கிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இது பொது. அதில் ஏபிஆர் என்றொரு வரி இருக்கும். வட்டியோடு பிராசஸிங் கட்டணம், கம்பெனி வழியாக வசூலிக்கப்படும் காப்பீட்டுத் தொகை போன்றவற்றையும் சேர்த்துச் சொல்லும் வருடாந்தர விகிதம் அது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியை ஒப்பிட்டால் போதும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. ‘கையெழுத்துப் போடுங்கள், தாள் அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ‘இன்றைக்கே முடித்தால்தான் இந்த ரேட்’ என்பார்கள். அதற்கும் அசைய வேண்டாம். அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகளை ஏற்க உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் விதிதான்.

போனஸில் அடைக்கும் யோசனைக்கு வருகிறேன். ஒரு வருடம் தவணை கட்டியாகிவிட்டது, மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது, மீதி ₹60,000 என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். அங்கே ₹65,600 என்பார்கள். ஏமாற்று அல்ல. 11 என்று விற்றாலும் கம்பெனி தன் புத்தகத்தில் பொதுவாக 19.6 சதவீதக் குறையும் நிலுவைக் கடனாகத்தான் எழுதிக்கொள்ளும்; அதில் வட்டியின் பெரும்பங்கு முன்மாதங்களிலேயே கழிந்துவிடும். முதல் வருடம் நீங்கள் கட்டும் ₹39,900-இல் சுமார் ₹15,500 வட்டிக்கே போய்விடுகிறது. அதாவது மொத்த வட்டியில் பாதிக்கு மேல். வங்கிக் கடனில் அதே ஒரு வருடத்துக்கு வட்டி சுமார் ₹11,800.

இதற்கு மேல் முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் வேறு. ஒப்பந்தத்தில் 4 சதவீதம் என்று இருந்தால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ₹3,100 அளவுக்கு வரும். எனவே இரண்டு இடத்திலும் இதைக் கேளுங்கள்: எத்தனை மாதம் கழித்து முடிக்க அனுமதி, கட்டணம் எத்தனை சதவீதம், இடையில் ஒரு தொகையை மட்டும் கட்டி அசலைக் குறைக்க முடியுமா? விவரத் தாளோடு தவணை அட்டவணையும் இணைத்திருப்பார்கள். அதில் 12-ஆவது வரிசையில் நிற்கும் அசல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போனஸ் கணக்கைப் போடுங்கள்.

ஷோரூம் கடன் என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. வங்கி இழுத்தடிக்கும்போது அங்கே ஒரே நாளில் வண்டி கைக்கு வரும், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கடன் பிடித்துக் கொடுப்பதில் டீலருக்கும் வழக்கமாகக் கமிஷன் உண்டு என்பதால், பேரம் பேச இடம் இருக்கும். வங்கியின் 15 சதவீதத்துக்குச் சமமான ஃபிளாட் விகிதம் ஏறக்குறைய 8.25. ‘ஃபிளாட்டில் 8.25 போடுங்கள், கட்டணம் மொத்தம் ஆயிரத்துக்குள், தவணை ₹3,119’ என்று நேராகக் கேளுங்கள். ஒப்புக்கொண்டு, முன்கூட்டியே முடிக்கும் கட்டணமும் வங்கியைவிட அதிகம் இல்லையென்றால், அங்கேயே எடுங்கள். இல்லையென்றால் சம்பளச் சீட்டையும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள்.