ஆறரையில் நிற்கும் கட்டுரை

ஐயா, ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். மற்றவற்றில் 7.5க்குக் குறையவில்லை, ரைட்டிங்கில் மட்டும் மூன்று தடவையும் 6.5. எனக்கு 7 வேண்டும். நிறையப் புதுச் சொற்கள் படித்தேன். டாஸ்க் 2-க்கு 340 சொற்கள் எழுதுகிறேன். நகரப் பேருந்துகளை இலவசமாக்கலாமா என்ற கேள்விக்கு எழுதிய கட்டுரையை இணைத்துள்ளேன். எங்கே இடிக்கிறது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொற்களைப் படிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள், நான்கும் சம எடை. இந்தக் கட்டுரைக்கு நான் போடுவது: சொல்வளத்துக்கு 7, இலக்கணத்துக்கு இழுபறியாக 7, மற்ற இரண்டுக்கும் 6. சராசரி 6.5. படாதபாடு பட்டுச் சொல்வளத்தை 8 ஆக்கினாலும் சராசரி 6.75தான். அந்த இரண்டு ஆறுகளும் ஏழானால் நேராக 7.

உங்கள் இரண்டாம் பத்தியைப் பாருங்கள். ஐந்து வாக்கியம், நான்கு காரணம்: நெரிசல் குறையும், புகை குறையும், ஏழைகளுக்கு உதவும், நடப்பதால் உடல்நலம் கூடும். எல்லாம் பொருத்தமானவை, ஆனால் ஒன்றும் வளரவில்லை. பொருத்தமான கருத்துகளைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது 6. அவற்றை விரித்துத் தாங்கிப் பிடித்தால்தான் 7.

நெரிசலை மட்டும் எடுத்துக்கொள்வோம். கட்டணம் போனால் யார் பேருந்துக்கு மாறுவார்? கார் வைத்திருப்பவர் ஏற்கெனவே எரிபொருளுக்கும் வண்டி நிறுத்தவும் டிக்கெட்டைவிட அதிகம் செலவழிக்கிறார். அவரைப் பேருந்திலிருந்து தள்ளி வைப்பது காசு அல்ல, நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம். டிக்கெட்டையும் பெட்ரோலையும் தினமும் ஒப்பிட்டுப் பார்க்கிற இரு சக்கர வண்டிக்காரர் மாறக்கூடும். ஆகவே, பேருந்து அடிக்கடி வந்தால் மட்டுமே இலவசப் பயணம் நெரிசலைக் குறைக்கும். ஒரே காரணம்தான், ஆனால் யார், ஏன், எந்த அளவுக்கு என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஒரு பத்திக்கு இது போதும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் 'எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு காரணத்துக்குத் தாவினால் பத்தி வளரவில்லை.

கோர்வையின் 6-ம் இதே நோயின் இன்னொரு முகம்தான். அதே பத்தியில் மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், லாஸ்ட்லி என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தோரணம் கட்டியிருக்கிறீர்கள். பட்டியல் போட்டால் இவை இல்லாமல் நடக்காது. காரணத்தை வளர்த்தாலோ இவை தானாக உதிர்ந்துவிடும். முந்தைய வாக்கியத்தில் வந்த ஆளை 'தீஸ் ரைடர்ஸ்' என்று சுட்டினாலே அடுத்தது ஒட்டிக்கொள்ளும். இணைப்புச் சொற்களை அடித்துவிட்டு வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் அங்கே கோர்வையே இருந்ததில்லை. (இணைப்புச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சிகள் செய்கிற கேடு கொஞ்சநஞ்சமல்ல.)

இலக்கணத்தில் ஏன் இழுபறி? கட்டுரையில் 21 வாக்கியங்கள், பிழையே இல்லாதவை 11. ஏழுக்குப் பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். உங்களுடையது விளிம்பில் நிற்கிறது, கண்டிப்பான கை 6 போட்டுவிடும். சறுக்கிய பத்தில் எட்டு ஒரே வகை: கவர்ன்மென்டுக்கு முன்னால் 'தி' இல்லை, சிட்டிக்கு முன்னால் 'எ' இல்லை, இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்குப் பின்னால் வேண்டாத ஒரு 'எஸ்'. 'தி'க்கு ஈடான சொல் தமிழில் கிடையாது. அதனால் அது இல்லாத இடம் நம் காதுக்குக் குறையாகப் படுவதில்லை. கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு நேரம் வேண்டும், 340 சொற்கள் அதைத் தின்றுவிடுகின்றன. கேட்பது குறைந்தது 250. 280-இல் நிறுத்தினால் 40 நிமிடத்தில் நான்கைந்து மிஞ்சும். அந்த நேரத்தில் கட்டுரையை முழுக்கப் படிக்காதீர்கள், பெயர்ச்சொற்களை மட்டும் வரிசையாகத் தொடுங்கள். எண்ணக்கூடியதா? ஒன்றா, பலவா? எது என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? இந்த மூன்று கேள்விகள் உங்கள் எட்டுப் பிழைகளையும் பிடித்திருக்கும்.

டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரு மடங்கு எடை என்பதால் முதலில் இதையே சரிசெய்யுங்கள். புதிய தலைப்பு தேட வேண்டாம். இதே கட்டுரையில் உடல்நலத்தையும் ஏழைகளையும் வெட்டிவிட்டு, நெரிசலுக்கு ஒரு பத்தி, புகைக்கு ஒரு பத்தி என்று திருப்பி எழுதி அனுப்புங்கள். புகையைப் பற்றி எழுதும்போது காலியாக ஓடும் பேருந்தும் புகை விடும் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பத்தி வளர்வதற்கான இடம் அங்கேதான் இருக்கிறது.