புடவை மடிப்பில் ஒரு சீட்டு

எனக்கு 63 வயது. மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகனும் மகளும் மறுமணம் செய்துகொள்ளச் சொல்லி நச்சரிக்கிறார்கள். மகள் என்னைக் கேட்காமலேயே வரன் தேடும் தளத்தில் என் போட்டோவைப் போட்டுவிட்டாள். பெற்ற தாயை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டார்களே! "உங்க அம்மா வாழ்ந்த வீட்ல இன்னொருத்தியா?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிப்பார்கள். மருமகள் வாங்கித் தந்த, குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டிலிருந்து தினமும் மூன்று சீட்டு எடுக்கிறேன். கறுப்பு அங்கிக்காரர் கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்து நிற்கும் 'ஐந்து கோப்பை' வந்தால் நிம்மதி. ஆணும் பெண்ணும் கோப்பை ஏந்தி எதிரெதிரே நிற்கும் 'இரண்டு கோப்பை' அடிக்கடி வந்து தொந்தரவு செய்ததால், அதை மட்டும் எடுத்து மனைவியின் கூறைப்புடவை மடிப்பில் வைத்துவிட்டேன். அது கிடக்கட்டும். பிள்ளைகளே தாயை மறந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

- வாசகர், திருச்சி

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தப் புடவைக்குள் இருக்கும் சீட்டு.

78 சீட்டில் தினம் மூன்று எடுத்தால், எந்தச் சீட்டும் சராசரியாக 26 நாளுக்கு ஒரு முறை வரும். மற்றவையும் அப்படித்தான் வந்து போயிருக்கும். இது மட்டும் அடிக்கடி வந்ததாகத் தோன்றுகிறது என்றால், அதைப் பார்க்கும்போது உங்களுக்குள் ஏதோ அசைகிறது. வேண்டாத சீட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். நீங்களோ மனைவியின் புடவைக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள். துணை வேண்டும் என்ற ஏக்கத்தையும் அவரிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியிருக்கிறது.

நிம்மதி தரும் ஐந்து கோப்பையை இன்னொரு தடவை பாருங்கள். கவிழ்ந்தவை மூன்றுதான். அங்கிக்காரர் முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்தே நிற்கின்றன. உங்கள் துக்கம் இன்னும் குறையவில்லை என்று சாட்சி சொல்வதால்தான் அந்தச் சீட்டு உங்களுக்குப் பிடித்திருக்கிறது. துக்கம் குறைந்தால் விசுவாசமும் குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். துணையை இழந்தவர்களை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் சொன்னது வேறு. மனம் இழப்பின் பக்கமும் புது வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும். அப்படிப் போய்வந்துதான் ஆறும். காலையில் மனைவி படத்துக்குப் பூ வைத்தவர் மாலையில் பேச்சுத்துணைக்கு ஏங்கினால் அதில் துரோகம் எதுவும் இல்லை.

கேட்காமல் போட்டோ போட்டது மகளின் தவறு. எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றில் நான் பிள்ளைகள் பக்கம். அவர்கள் தாயை மறக்கவில்லை. தாயின் பெயரைச் சொல்லி அவர்கள் வாயை அடைப்பது நீங்கள்தான். அவர்களும் அவரை இழந்தவர்கள், ஐயா. உங்கள் ஏக்கத்தை உங்களிடமிருந்தே மறைக்க அவர் பெயரைப் பயன்படுத்தாதீர்கள்.

கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதை முடிவு செய்ய அவசரமும் இல்லை. அடுத்த முறை பேச்சு வரும்போது, "கல்யாணம் பத்தி இன்னும் தெரியலம்மா, ஆனா தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கு" என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.