அப்பர் சர்க்யூட்டில் ஓடும் சின்னப் பங்கு

கேள்வி: டெலிகிராம் குழுவில் சொன்ன 20 ரூபாய்ப் பங்கு தினமும் அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச விலையைத் தொட்டு நிற்கிறது. நான் ஆர்டர் போட்டும் கிடைக்கவில்லை. தொடர்ந்து முயற்சி செய்யலாமா? இது ஏமாற்று வேலை என்றால் எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்குக் கிடைக்காத வரை ஆபத்து குறைவு. கவலைப்பட வேண்டியது, கேட்ட அளவு முழுவதும் சட்டென்று கிடைக்கும் நாளைப் பற்றித்தான்.

அந்தக் கம்பெனியின் பெரும்பாலான பங்குகள் ஏற்கெனவே சிலர் கையில் இருக்கும். பெயர்கள் வேறு வேறு, ஆட்கள் ஒரே கூட்டம். வெளியே புழங்குவது கொஞ்சம்தான். அவர்களுக்குள்ளேயே வாங்கி விற்றால், சில லட்சம் ரூபாயிலேயே விலையை மேலே தள்ளிவிடலாம். தினம் 5% சர்க்யூட் என்றால், 20 ரூபாய்ப் பங்கு 15 வர்த்தக நாளில் 41 ரூபாயைத் தாண்டிவிடும். அந்த 15 நாளும் விற்க யாரும் வரமாட்டார்கள். குழுவில் மட்டும் "இன்றும் லாக்!" என்று ஸ்கிரீன்ஷாட் ஓடும். கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் வளர வேண்டும், அதற்காகத்தான் அந்த ஸ்கிரீன்ஷாட்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் லாபம் பணமாக வேண்டுமென்றால் அவர்கள் விற்றாக வேண்டும், அதை வாங்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். டிப்ஸ் குழுவின் வேலை அந்த ஆட்களைச் சேர்ப்பது. அதனால்தான் டிப்ஸ் இலவசமாக வருகிறது. ஒருநாள் வால்யூம் பல மடங்கு எகிறும், உங்கள் ஆர்டரும் நிறைவேறும். அன்று விற்றது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. சாத்னா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியின் வழக்கில், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி விவரித்த முறையும் கிட்டத்தட்ட இதுதான். 2022இல் முதலில் தொடர்புடையவர்கள் தங்களுக்குள்ளேயே வர்த்தகம் செய்து விலையை ஏற்றினார்கள். ஜூலையில் யூடியூப் சேனல்களில் வீடியோக்கள் வந்தன. அதானி குழுமம் இந்தக் கம்பெனியை வாங்கப்போகிறது, அமெரிக்கக் கம்பெனி ஒன்று பக்திப் படங்கள் எடுக்க 1,100 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். அத்தனையும் பொய். வீடியோவை நிறையப் பேர் பார்க்க, விளம்பரத்துக்கும் பணம் செலவழித்தார்கள். சுமார் 2,000 ஆக இருந்த சிறு பங்குதாரர் எண்ணிக்கை 55,000ஐத் தாண்டியது. அந்தக் கூட்டத்தின் தலையில்தான் பங்குகளைக் கட்டினார்கள். 2025 மே மாதம் வந்த இறுதி உத்தரவில், 58 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னது செபி. வீடியோ வந்து கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து!

சரி, வாங்கும் முன் எதைப் பார்ப்பது? முதலில் பிஎஸ்இ தளத்தில் அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளைத் திறந்து பாருங்கள். குழுவில் சொல்லும் ஆர்டர், இணைப்பு, ஒப்பந்தம் எல்லாம் உண்மையானால் அங்கே இருக்க வேண்டும். "விலை ஏற்றத்துக்கு எங்களிடம் எந்தக் காரணமும் இல்லை" என்று கம்பெனியே எக்ஸ்சேஞ்சுக்குப் பதில் எழுதியிருந்தால், அதற்கு மேல் வேறு சாட்சி தேடாதீர்கள். கம்பெனியின் அறிவிப்பு இருந்தால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். புரொமோட்டரே கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம்.

அடுத்தது, காலாண்டுப் பங்குதாரர் விவரம். நான் அதிகம் நம்புவது இதைத்தான். விலை ஏற ஏற புரொமோட்டர் பங்கு குறைந்து, சிறு பங்குதாரர் எண்ணிக்கை எகிறினால், யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஒரே குறை, இந்த விவரம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் சிலசமயம் எல்லாம் முடிந்துவிடும். பங்கு ஏஎஸ்எம் அல்லது ஜிஎஸ்எம் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். இல்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

டிப்ஸ் தருபவரின் செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்தில் தேடுங்கள். அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுபவர்களும் இருக்கிறார்கள், அதனால் அங்கே பதிவாகியிருக்கும் தொலைபேசியும் மின்னஞ்சலும் இவருடையதுதானா என்றும் பாருங்கள். சந்தேகம் கேட்டவரைக் குழுவிலிருந்து தூக்கினால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாகவே விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். அன்றைக்கு இறங்க அனுமதித்த கடைசி விலையில் பங்கு நிற்கும் லோயர் சர்க்யூட்டில் அது உதவாது, ஏனென்றால் வாங்க ஆளே இருக்காது. 40 ரூபாய்க்கு வாங்கிய பங்கு பத்து நாள் 5% இறங்கினால் 24 ரூபாய்க்கு வந்துவிடும், அந்தப் பத்து நாளும் உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும். எல்லோரும் ஒரே விலையில் விற்க நிற்கும்போது முதலில் ஆர்டர் போட்டவருக்குத்தான் முதலில் விற்கும். அப்புறம், ஏற்கெனவே மாட்டியிருந்தால் "ஆவரேஜ் பண்ணுங்கள்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள், அவர்களிடம் மிச்சம் இருப்பதை வாங்கச் சொல்கிறார்கள். காலையிலேயே லோயர் சர்க்யூட் விலையில் விற்பனை ஆர்டரைப் போட்டுவிடுங்கள். குழுவின் பதிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் செபிக்கு அனுப்புங்கள். அட்மின் அழிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.