நுண்கடன் தணிக்கை: நிலுவை அறிக்கையைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: நுண்கடன் கிளை ஒன்றைத் தணிக்கை செய்யப் போகிறேன். கணினி அறிக்கையில் நிலுவை மிகக் குறைவாக இருக்கிறது. நம்பலாமா?

அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வாராந்திரக் குழுக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று, உறுப்பினர்களின் கடன் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். வாரத் தவணை 650 ரூபாய் உள்ள ஒருவரின் அட்டையில் நான்கு வாரக் கையொப்பம் இருந்து, கணினியில் இரண்டு மட்டுமே பதிவாகியிருந்தால், மீதி 1,300 ரூபாய் வசூலிப்பவர் கையில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். இன்று வசூலான ஒருவரின் பணத்தால் இன்னொருவரின் பழைய தவணையைக் காட்டுவது இதன் அடுத்த படி.

மாலையில் கிளை திரும்பும் எல்லா வசூலிப்பவர்களின் ரொக்கத்தையும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். ஒவ்வொருவராக எண்ணினால் பணம் கைமாறிவிடும். பிறகு மறுநாள் வங்கிச் செலுத்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

தவணை தவறி 90 நாட்களைத் தாண்டினால் கடன் வாராக்கடனாகிவிடும் என்பதால், 80 முதல் 90 நாட்களுக்குள் திடீரென ரொக்கத்தில் முழுதாக அடைக்கப்பட்ட கணக்குகளை நான் தனியே பிரித்தெடுப்பேன். அடைத்த சில நாட்களில் அதே பெயருக்குச் சற்றுப் பெரிய புதுக் கடன் வழங்கப்பட்டிருந்தால், பழையதைப் புதியதே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கடன்தாரரின் வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்து, வரவான தொகை அன்றே எடுக்கப்பட்டதா, அதில் எவ்வளவு உண்மையில் அவர் கையில் தங்கியது என்று அவரிடமே, ஊழியர் அருகில் இல்லாதபோது, விசாரியுங்கள்.